முளைக்காத எட்டுக் கிலோ: கச்சிராயபாளையம் குறிப்புகள்

2025 செப்டம்பர் 21, ஞாயிறு

காலையிலேயே அக்கா மகன் போன் செய்தான். "மாமா, மக்காச்சோளம் மேல வரவே இல்ல. எட்டு நாளாச்சு. கொஞ்சம் வந்து பாருங்க."

அவன் கொல்லை கல்வராயன் அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் போகிற பக்கம். ஒரு ஏக்கர் மானாவாரி. இந்த மாதம் 13ஆம் தேதி மழை ஈரத்தில் ஊன்றினான். மக்காச்சோளம் இந்த வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஐந்தாம் நாளே தலை காட்டிவிடும், பிந்தினாலும் ஏழு நாள். எட்டாம் நாளில் ஒரு பாரில் நாலு முளை, அடுத்த பாரில் ஒன்றுமில்லை என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

விதை எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். கைப்பேசி செயலியில் வாங்கினானாம். நாலு கிலோ பை இரண்டு, பை 1,600 ரூபாய். 4ஆம் தேதி பணம் கட்டி, 9ஆம் தேதி பார்சல் வந்திருக்கிறது. செயலியில் பொருளுக்குக் கீழேயே "நான்-ரிட்டர்னபிள்" என்று போட்டிருந்ததாம். "அதான் மாமா, கேக்கவே தயங்கறேன். திரும்ப எடுக்க மாட்டோம்னு முன்னாடியே சொல்லிட்டானே."

இந்தத் தயக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேர் இதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் மறு விதை வாங்கப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மீதி விதை இருக்கிறதா என்றேன். அறுநூறு கிராம் போல இருக்கிறதாம். அதையும் வெற்றுப் பைகளையும் சீட்டோடு பத்திரமாக வைக்கச் சொன்னேன். மருந்து கலந்த விதை, கோழிக்குப் போட்டுவிடாதே என்றும் சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கொல்லையில் அரை நாள்.

முளைக்கவில்லை என்றவுடன் விதை கெட்டது என்று சொல்லிவிட முடியாது. விற்றவன் முதலில் சொல்லப்போவது மண், மழை, ஆழம், எறும்பு, மயில். அவன் சொல்வதற்கு முன் அதையெல்லாம் நாமே பார்த்துவிட வேண்டும். அந்த வேலையை மண்ணில்தான் செய்ய முடியும்.

கொல்லையின் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து இடம் எடுத்தோம். பாருக்குப் பார் இரண்டடி, குழிக்குக் குழி 25 சென்டிமீட்டர், குழிக்கு ஒரு விதை என்று ஊன்றியிருக்கிறான். பத்து மீட்டர் கயிறு பிடித்தால் நாற்பது குழி. ஐந்து இடத்துக்கு இருநூறு குழி. முளைத்தது 73. ஒரு மூலை மட்டும் மோசமாக இருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கும், வரப்போரம் மட்டும் என்றால் மயில் பறித்திருக்கும். இங்கே ஐந்து இடமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன.

பிறகு வெற்றுக் குழிகளைத் தோண்டினோம். மயில் பறித்திருந்தால் குழி காலியாக இருக்கும். எறும்பு தின்றிருந்தால் தோல் மட்டும் கிடக்கும். ஈரம் போதாவிட்டால் விதை கல்லாகவே இருக்கும். கிடைத்ததெல்லாம் தண்ணீர் குடித்து ஊதி, வேர் நீட்டாமல், நசுக்கினால் கூழாகிற விதை. சிலதில் வேர் நீண்டு தண்டு முறுக்கிக்கொண்டு மண்ணுக்குள்ளேயே நின்றிருந்தது. ஆழம் இரண்டு விரற்கடை. அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கத்துக் கொல்லைக்காரர் கடையில் வாங்கிய வேறு ரகத்தை அதே 13ஆம் தேதி ஊன்றியிருக்கிறார். அவருடையது வரிசை பிடித்து நிற்கிறது. அதே மண், அதே மழை. இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. அவர் கொல்லையையும் ஒரே சட்டகத்தில் வருமாறு படம் எடுக்கச் சொன்னேன். கயிறும் குழியும் தெரிகிற படம், தோண்டிய விதை உள்ளங்கையில் இருக்கிற படம், பைச் சீட்டின் படம்.

சீட்டில் குவியல் எண், பரிசோதித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. காலாவதி ஆகவில்லை. குறைந்தபட்ச முளைப்புத்திறன் 90 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு இந்திய விதைத் தர அளவும் அதுதான். இந்த 90 என்பது விற்றவன் எழுத்தில் கொடுத்த வாக்கு. இனி நடக்கிற பேச்செல்லாம் இதைப் பிடித்துத்தான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

செயலியில் புகார் போட்டான். கால் மணி நேரத்தில் பதில்: இது திரும்பப் பெற இயலாத வகைப் பொருள், எனவே கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. படத்தைக்கூடக் கேட்கவில்லை.

பொருள் பக்கத்தை முழுவதும் படம் பிடித்து வைத்தோம். அந்தப் பக்கம் நாளைக்கே மாறலாம். விற்பவர் பெயர், முகவரி, ரசீது, கட்டிய பணத்தின் குறிப்பு, இப்போது வந்த மறுப்பு எல்லாம் ஒரே கோப்பில்.

மாலையில் முளைப்புச் சோதனை தொடங்கினேன். மீதமிருந்த விதையைக் கொட்டிக் கலந்து, நல்லது கெட்டது பார்க்காமல் கை போனபடி நூறு, இன்னொரு நூறு எண்ணினேன். பொறுக்கி எடுத்தால் சோதனையே பொய். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, விதைகளை ஒன்றோடொன்று படாமல் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் நிற்கவைத்திருக்கிறேன். நிலையத்தில் நாலு நூறு வைப்போம், இதற்கென்று செய்த தாளில். வீட்டுச் சோதனைக்கு நுகர்வோர் ஆணையத்தில் தனி மதிப்பு இல்லை. ஆனால் மேலே நேரமும் பணமும் செலவு செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இது போதும்.

செப்டம்பர் 24, புதன்

இன்று எழுத்து வேலை. அவனுக்குச் சட்டம் விளங்கியாக வேண்டும் என்பதால் வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன்.

பொருள் நன்றாக இருந்து, மனம் மாறிவிட்டது, வேறு வாங்கிக்கொண்டேன், விலை வேறிடத்தில் குறைவு என்றால் நம் நாட்டில் கடைக்காரரை வாங்கிக்கொள் என்று கட்டாயப்படுத்தும் பொதுவான சட்டம் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் பதினாலு நாளில் திருப்பலாம், அங்கேயும் சில பொருள்களுக்கு விலக்கு உண்டு. இங்கே அதைக் கடையின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். "திரும்பப் பெறப்படாது" என்ற அறிவிப்புக்கு அந்த அளவில்தான் பலம்.

குறையுள்ள பொருள் என்றால் கதை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளை வரிசைப்படுத்தும் இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற நடைமுறை. நம் ரசீதில் காலம் எதுவும் இல்லை. ஆகவே முப்பது நாள்.

இணைய விற்பனைக்கென்று 2020இல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் நேராகப் பேசுகின்றன. பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ இருந்தாலோ, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாவிட்டாலோ, விற்பவர் திரும்பப் பெறவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது. திரும்பப் பெற இயலாத வகை என்று நாங்கள் போட்டிருந்தால் மறுக்கலாம் என்ற விலக்கு அந்த விதியில் இல்லை. விதியில் இருக்கும் ஒரே விலக்கு காலதாமதமாக வந்த பொருளைப் பற்றியது, அதுவும் புயல் வெள்ளம் போல யார் கையிலும் இல்லாத காரணத்துக்கு.

"அப்ப அந்த வார்த்தைய எதுக்கு மாமா போடறான்?"

மனம் மாறி வருகிறவர்களை நிறுத்தத்தான். ஆனால் புகாரைப் படிக்கும் ஆளோ எந்திரமோ இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் நம் கடிதத்தில் "திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கவே கூடாது என்றேன். "குறையுள்ள பொருள் தந்திருக்கிறீர்கள், சீட்டில் 90 என்று எழுதியதற்கு மாறானது" என்று தொடங்க வேண்டும்.

கடிதம் மூன்று பேருக்கு: விற்பவர், செயலி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், சீட்டில் பெயர் உள்ள விதை நிறுவனம். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதுவும் அதே விதிகளில் உள்ளதுதான். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து எண் வாங்கிக்கொண்டான்.

செப்டம்பர் 27, சனி

நாலாம் நாள் எண்ணிக்கை. முதல் சுருளில் 31, இரண்டாவதில் 28. நல்ல விதை என்றால் நாலாம் நாளே எண்பதைத் தொட்டிருக்கும். பூஞ்சை வெள்ளையாகப் படர ஆரம்பித்திருக்கிறது. எண்ணியதை அகற்றிவிட்டு மற்றதைத் திரும்பச் சுருட்டினேன்.

நேற்று கிடைத்தது என்ற மின்னஞ்சல் மட்டும் வந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெள்ளிமலை பஸ் பிடித்து மேலே போய், அங்கிருந்து இன்னாடு. மருமகனுக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் அதே விதையை ஒரு பை வாங்கியிருக்கிறார், மகன் கைப்பேசி வழியாக. மழை முன்னே பின்னே ஆனதால் இந்தத் தடவை மரவள்ளியே வைக்கலாம் என்று முடிவுசெய்து, பையைப் பிரிக்காமலே திருப்பப் பார்த்திருக்கிறார். அவருக்கும் அதே பதில்.

பையை எடுத்துவந்து காட்டினார். குவியல் எண்ணைப் பார்த்தேன். அதே எண். தையல் பிரியவில்லை.

பிரிக்காத பை ஒன்று கிடைத்தது எங்களுக்குப் பெரிய பலம். கொல்லையில் ஊன்றிய விதைக்கு நூறு காரணம் சொல்லலாம், பிரித்த பையில் மிஞ்சியதற்கு "நீங்கள் ஈரத்தில் வைத்தீர்கள்" என்று சொல்லலாம். தையல் பிரியாத பைக்கு அப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகம் இடமில்லை.

"நான் மனசு மாறித்தானேங்க திருப்பினேன். எனக்கு என்ன உரிமை இருக்கு?" என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. மரவள்ளி வைக்கப் போகிறேன் என்ற காரணத்துக்கு உரிமை இல்லை ஐயா, கடை மறுத்தது அந்த அளவில் சரிதான் என்றேன். ஆனால் பைக்குள் இருப்பது சீட்டில் எழுதியபடி இல்லை என்று தெரியவந்தால் அந்தக் கணத்திலிருந்து நீங்களும் குறையுள்ள பொருள் வாங்கியவர். எதற்காக முதலில் திருப்பப் பார்த்தீர்கள் என்பது அந்த உரிமையை அழிக்காது.

பையைப் பிரிக்கவே வேண்டாம், நிழலில், காற்றாடும் இடத்தில், தரையில் படாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மலையில் இந்நேரம் ஈரக்காற்று. விதைக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆயுசு குறையும். இந்தக் குவியலுக்கே ஏதோ கிடங்கில் அப்படித்தான் நேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். பரிசோதித்த நாளில் 90 இருந்திருக்கலாம். அப்புறம் எங்கே எத்தனை நாள் தகரக் கூரைக்குக் கீழே கிடந்ததோ.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஏழாம் நாள், கடைசி எண்ணிக்கை. இயல்பான முளை 44, 40. முறுக்கிய, வேர் மட்டும் வந்த, நுனி கருகிய முளைகள் 13, 12. மீதி செத்தது. சராசரி 42.

மருமகன் முறுக்கியதையும் சேர்த்து எண்ணினான். அது கூடாது. மண்ணைத் துளைத்து வெளியே வந்து செடியாகிற முளையை மட்டுமே முளைப்புத்திறனில் எண்ணுவது விதி. வயலில் கண்ட 73க்கும் துணியில் கண்ட 42க்கும் உறவு சரியாகவே இருக்கிறது. இருநூறில் 73 என்றால் 36 சதவீதம் சொச்சம். மண்ணில் எப்போதும் கொஞ்சம் குறையும்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூசை, விஜயதசமி விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தது. வேளாண்மை உதவி அலுவலரும் விதை ஆய்வாளரும் கொல்லையைப் பார்த்தார்கள். நல்ல மனிதர்கள், தோண்டிப் பார்த்தே எழுதினார்கள். முளைப்புக் குறைவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக இருந்தார்கள். பக்கத்துக் கொல்லையின் நிலை, விதைத்த ஆழம், ஈரம், பூச்சி சேதம் இல்லை என்பது ஆகியவற்றையும் அறிக்கையில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதித் தந்தார்கள்.

நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2005இல் ஹரியானா விதை மேம்பாட்டுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் விவசாயிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. பயிர் சரியில்லை என்பது விதை சரியில்லை என்று ஆகிவிடாது, மற்ற காரணங்களும் இருக்கலாம் என்பது அதன் சாரம். பார்வையிட்ட அறிக்கை மொட்டையாக இருந்தால் நாளைக்கு அந்தத் தீர்ப்பைத்தான் எதிரில் நீட்டுவார்கள்.

மதியம் இன்னாட்டுப் பெரியவர் பையோடு கீழே வந்தார். அலுவலர்கள் முன்னிலையில் தையல் பிரித்து, ஒரு கிலோ பிரித்தெடுத்து, விதைப் பரிசோதனை நிலையத்துக்குப் பணி விதை மாதிரியாக அனுப்பினோம். மீதி மூன்று கிலோவைத் துணிப்பையில் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த மூன்று கிலோ எதற்கு என்று பெரியவர் கேட்டார். பணி மாதிரியின் முடிவு நாம் கொடுத்த விதைக்கு மட்டும் பொறுப்பேற்கும். குவியல் முழுவதுக்கும் அது சான்று ஆகாது. வழக்கு ஆணையத்துக்குப் போய், எதிர்த்தரப்பு இந்த முடிவை ஏற்க மாட்டோம் என்றால், ஆணையமே மாதிரியை வாங்கி முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு, 45 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும். அன்று கொடுக்கக் கையில் விதை இருக்க வேண்டும். நாளாக நாளாக விதை தானாகவே வலுவிழக்கும் என்பதால் அதையும் சீக்கிரம் கேட்டுவிட வேண்டும்.

அக்டோபர் 4, சனி

பட்டம் போகிறது. வழக்குக்காகக் கொல்லையைத் தரிசு போட முடியாது. நஷ்டத்தைக் குறைக்க நாமும் முயன்றோம் என்று காட்டுவதும் நல்லது. கிழக்கு ஓரத்தில் ஆறு பாரை அப்படியே விட்டுவிட்டு மற்றதை உழுது, கள்ளக்குறிச்சி கடையில் வாங்கிய விதையை ஊன்றினான். இந்த முறை ஊன்றுவதற்கு முன்பே நூறு விதை துணியில் வைத்து 93 பார்த்தோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

விற்பவரிடமிருந்து பதில். எதிர்பார்த்ததுதான். மண் வளம், மழை, விதைப்பு முறை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. பொருள் திரும்பப் பெற இயலாதது. விதை பயன்படுத்தப்பட்டுவிட்டது. விவசாயம் வணிகம் என்பதால் நீங்கள் நுகர்வோர் அல்ல. தகராறு எதுவானாலும் எங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான்.

மருமகன் முகம் வாடிவிட்டது. எனக்கு இதைப் படித்ததும் தெம்பாகவே இருந்தது. ஏனென்றால் இவற்றில் சில 2012 ஜனவரி 16இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டு, தோற்ற வாதங்கள்.

தேசிய விதைக் கழகம் ஆந்திர விவசாயிகளுக்கு எதிராக நடத்திய வழக்கு அது. அரசு நிறுவனமே அங்கே விற்பனையாளர். விவசாயிகள் நுகர்வோர் அல்ல என்றார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. விதைச் சட்டம் தனியாக இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது என்றார்கள், அதையும் ஏற்கவில்லை. விதை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் குறை என்று எப்படிச் சொல்லலாம் என்றார்கள். வாங்கிய விதை முழுவதையும் நம்பி விதைத்துவிடுகிற விவசாயி ஆய்வகத்துக்கென்று ஒரு பங்கை எடுத்துவைப்பான் என்று எதிர்பார்க்க முடியாது, அதே குவியலின் விதை நிறுவனத்திடம் இருக்கும், அதை அவர்களே சோதனைக்குத் தந்திருக்கலாம் என்றது நீதிமன்றம். 1998இல் ஆந்திரத்திலேயே ஒரு சூரியகாந்தி விதை வழக்கிலும் இதே கருத்தை உச்ச நீதிமன்றம் எடுத்திருந்தது.

பயன்படுத்தப்பட்டுவிட்டது என்ற வாதத்தைத்தான் நான் அதிகம் யோசித்தேன். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் இதற்கு அழகான விடை இருக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடிய குறை என்றால், பார்த்து வாங்கியவர் பின்னால் முறையிட முடியாது. முளைப்புத்திறன் கண்ணுக்குத் தெரியாது, விதைத்தால்தான் தெரியும். அதாவது இந்தக் குறையை அறிய ஒரே வழி பயன்படுத்துவது. அதையே உரிமை இழப்புக்குக் காரணமாக்க முடியாது. ஊன்றிவிட்டதால் மருமகன் விதையை நிராகரித்துத் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் விற்பவர் வாக்கு மீறியதற்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

பெரியவர் கதை இன்னும் சுலபம். அவர் நிராகரிக்கலாம். அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு பலருக்கும் தெரியாதது: நிராகரிக்கும் உரிமை உள்ளவர் பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. நான் இதை ஏற்கவில்லை என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும். இன்னாட்டுக்கு வந்து எடுத்துப்போக ஆள் இல்லை என்று செயலி சொல்வது அவர்கள் கஷ்டம். அதனால் பணம் தராமல் இருக்க முடியாது.

ஊர் நீதிமன்றம் பற்றிய மிரட்டலுக்கும் 2019 சட்டத்திலேயே பதில் உண்டு. புகார்தாரர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். முன்பு இந்த வசதி இல்லை.

அக்டோபர் 15, புதன்

நிலையத்து முடிவு வந்தது. பிரிக்காத பையின் முளைப்புத்திறன் 47 சதவீதம். ஈரப்பதம் அளவுக்குள்தான் இருக்கிறது. ஆக, விதை நனையவில்லை, செத்துப்போன விதையே பையில் வந்திருக்கிறது.

முடிவின் நகலோடு மூவருக்கும் இரண்டாம் கடிதம். பெரியவர் பெயரில் தனிக் கடிதம், நிராகரிக்கிறேன் என்ற ஒற்றை வரி அதில் தடித்த எழுத்தில்.

அக்டோபர் 18, சனி

பெரியவருக்கு 1,600 ரூபாயும் திரும்ப வந்துவிட்டது. பையைக் கேட்கவே இல்லை. நல்லெண்ண அடிப்படையில் தருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். எப்படி எழுதினால் என்ன, பணம் வந்தது.

மருமகனுக்கு 3,200 தருகிறோம், இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்ததென்று ஒப்புக்கொண்டு பதில் அனுப்பவும் என்று வந்திருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கிற நேரத்தில் 3,200 சின்னத் தொகை இல்லை. அனுப்பிவிடட்டுமா என்றான். கணக்கைப் போட்டுக் காட்டினேன். உழவு 2,800, டிஏபி மூட்டை 1,350, ஊன்றிய கூலி 2,000. விதையோடு 9,350. இதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தருகிறார்கள். அந்த ஒப்புதலை அனுப்பினால் மீதி போனதுதான். விதை விலையை எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறோம், சாகுபடிச் செலவு நிலுவையில் உள்ளது என்று எழுத வேண்டும். பணத்தை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, எந்த வார்த்தையோடு வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

அப்படியே எழுதி அனுப்பினோம்.

அக்டோபர் 25, சனி

குறைதீர் அலுவலருக்கான ஒரு மாதம் நேற்றோடு முடிந்தது. விதை விலை வந்துசேர்ந்தது. சாகுபடிச் செலவு பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்று நம் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி தளம் வழியாகப் புகார் பதிந்தோம். கட்டணம் இல்லை. வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அதைக் கணக்கிடுவதில்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று கிலோ அதுவரை காத்திருக்காது.

எதிர்த்தரப்பாக மூவரையும் சேர்த்தோம். கேட்டது: சாகுபடிச் செலவு 6,150, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஆணையம் தகுந்ததென்று கருதும் தொகை, அந்தக் குவியல் விதையின் விற்பனையை நிறுத்தும் உத்தரவு. கடைசியாகச் சொன்னதை மருமகன்தான் சேர்க்கச் சொன்னான். அதே குவியல் எண்ணை அவன் நேற்று இரவும் செயலியில் பார்த்திருக்கிறான்.

இணைப்பில் இரண்டு அறிக்கை, படங்கள், சீட்டு, ரசீது, கடிதங்கள், 1915 தந்த எண். மூன்று கிலோ பையை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரும் மனு தனியாக. ஏற்பதா இல்லையா என்பதை ஆணையம் வழக்கமாக 21 நாளுக்குள் முடிவுசெய்ய வேண்டும். ஏற்றால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல முப்பது நாள், கேட்டால் இன்னும் பதினைந்து நாள், அதற்கு மேல் கிடையாது. பொங்கலுக்கு முன் முதல் விசாரணை வரலாம், கொல்லையில் விட்டுவைத்த ஆறு பாரையும் அதுவரை களை எடுத்து அப்படியே காக்கச் சொல்லியிருக்கிறேன்.